பங்கு கேட்கும் முன் ஒரு கணக்கு



வாரிசுரிமைச் சட்டத்தைக் கற்பிக்கும் எவரிடமும் மக்கள் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “எனக்கு எத்தனை பங்கு?” அதற்கு விடை சொல்வது எளிது. பங்குகளை அல்லாஹ்வே வகுத்துவிட்டான். நாம் பின்னங்களைக் கூட்டிச் சொல்கிறோம், அவ்வளவே. அதற்கு அடுத்த கேள்விதான் கடினமானது. பங்கைத் தர மறுக்கும் உறவினரிடமிருந்து அதைப் பெற நீதிமன்றம் சென்றால் எத்தனை ஆண்டு ஆகும், எவ்வளவு செலவாகும்? எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இக்கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. ஒரு காலத்தில் யாரும் பொருட்படுத்தாத வீட்டுமனைகள், தொழிற்சாலைகள் வந்தபின் இலட்சங்களில் பேசப்படுகின்றன. மதிப்பு ஏறிய அளவுக்கு மனவருத்தங்களும் ஏறியிருக்கின்றன.

என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு குடும்பத்தின் கணக்கை இங்கே எழுதுகிறேன். ஊரையும் அடையாளங்களையும் தவிர்த்து, தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். இதில் சட்டம் விதித்த கட்டணங்கள் சில. எங்கள் வட்டாரத்து வழக்கத்தை வைத்து நாங்கள் மதிப்பிட்ட தொகைகள் சில. எது எந்த வகை என்பதை ஆங்காங்கே சொல்கிறேன்.

வழக்கு என்ன?

ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தந்தையார் காலமானார். அவர் விட்டுச் சென்றது பழைய ஓட்டுவீடும் அதனைச் சுற்றிய மனையும். அவற்றின் மதிப்பு 40 இலட்சம் ரூபாய். வாரிசுகள்: மனைவி, இரு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதம். மொத்தத்தை 40 பாகமாக வைத்தால் தாய்க்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. எனவே மகளின் பங்கு 7 இலட்சம் ரூபாய். மனைக்கு மட்டுமன்றி விவசாய நிலத்துக்கும் தமிழகத்தில் இதே பங்குதான். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு இருந்த விலக்கு, 1949இல் சென்னை மாகாணத்தில் திருத்தப்பட்டுவிட்டது.

மூத்த மகன் அவ்வீட்டில் வசிக்கிறார். “அத்தா உயிரோடிருக்கும்போதே வீட்டை எனக்கு வாய்மொழியாகக் கொடுத்துவிட்டார்” என்பது அவர் வாதம். ஹிபா எனும் அன்பளிப்பு வாய்மொழியாகவும் செல்லும். ஆனால் கொடுத்ததாக அறிவித்தல், பெற்றவர் ஏற்றல், சொத்தை அவர் வசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிகழ்ந்திருக்க வேண்டும். அவை நிகழ்ந்தனவா என்பதைச் சாட்சிகளைக் கொண்டுதான் நிறுவ இயலும். இந்த ஒரு வாக்கியம்தான் எளிய பாகப்பிரிவினையை ஐந்தாண்டு வழக்காக ஆக்கக்கூடியது.

நீதிமன்றக் கட்டணம்

“கேஸ் போட ஸ்டாம்புக்கே சொத்து போய்விடுமாமே, ஹஜ்ரத்?” என்று அந்தச் சகோதரி கேட்டார். பலரும் இப்படித்தான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி, மதிப்பின் மீது செலுத்தும் கட்டணம் நெடுங்காலம் 7.5 சதவீதமாக இருந்தது. 2017இல் அது 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

இந்த 3 சதவீதம் முழுச் சொத்தின் மதிப்புக்கன்று. வழக்குத் தொடுப்பவரின் பங்குக்கு மட்டுமே. 7 இலட்சத்துக்கு 21,000 ரூபாய். அதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. சொத்து இன்னும் அனைவரின் கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்றால், சட்டத்தின் 37ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி நிலையான சிறு தொகை கட்டினால் போதும். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் மட்டுமே முதல் உட்பிரிவின்படி 3 சதவீதம் கட்ட வேண்டும்.

செலவைக் குறைக்க எண்ணிச் சிலர் கூட்டு அனுபவம் என்றே எழுதித் தாக்கல் செய்கிறார்கள். சகோதரிக்கும் அந்த யோசனையை ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் அவருடைய அண்ணனோ “உனக்கு இதில் உரிமையே இல்லை” என்று மறுத்து, வீட்டுக்குள்ளும் விடுவதில்லை. அப்படியிருக்க எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், பற்றாக்குறைக் கட்டணத்தைக் குறித்த நாளுக்குள் செலுத்துமாறு நீதிமன்றம் உத்தரவிடும். அந்நாளில் கையில் பணம் இல்லையென்றால் வழக்குரையே நிராகரிக்கப்படலாம். ஆதலால் எப்படித் தாக்கல் செய்தாலும் 21,000 ரூபாயைத் தனியே எடுத்துவைத்துவிட்டே தொடங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டோம்.

இன்னொன்று: இக்கட்டணம் வழக்குரை தாக்கலாகும் நாளின் சந்தை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மனை விலை ஆண்டுதோறும் ஏறும் எங்கள் பகுதியில் தாமதித்துத் தொடுப்பவர் கூடுதல் கட்டணம் செலுத்துவார். தொடுத்தபின் விலை ஏறினால், அதற்காகக் கட்டணம் ஏறாது.

அழைப்பாணை அனுப்பும் பேட்டா, வக்காலத்து முத்திரை, இடைக்கால மனுக்களின் வில்லைகள், சான்றிட்ட நகல்கள் ஆகியவற்றுக்கு ஐந்தாண்டுகளில் 5,000 ரூபாய் என மதிப்பிட்டோம். தாக்கலுக்கு முன் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா நகல், வழக்கறிஞர் அறிவிப்பு, தட்டச்சு ஆகியவற்றுக்கு 6,000 ரூபாய்.

வழக்கறிஞர் கட்டணம்

இதற்குச் சட்டம் விதித்த ஒரே விலை இல்லை. எங்கள் பகுதியில் இருவகை வழக்கம் உண்டு. ஒன்று, வாய்தாவுக்கு வாய்தா இவ்வளவு என்று கொடுப்பது. மற்றது, கட்டத்துக்குக் கட்டம் கொடுப்பது. முதலாவது வகையில் ஒருமுறை கொடுக்கும் தொகை சிறிதாகத் தெரியும். ஆனால் வழக்கு நீள நீளச் செலவும் நீளும், எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் ஃபிக்ஹில் இஜாரா ஒப்பந்தத்துக்கு வேலையும் கூலியும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கொத்தனாரிடம் கேட்கும் அந்தத் தெளிவை வழக்கறிஞரிடம் கேட்க நம் மக்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

கட்டவாரியாக இப்படி எழுதினோம்: தாக்கல் செய்து பதிலுரை வரும்வரை 15,000, சாட்சி விசாரணை முடியும்வரை 20,000, வாதம் முடிந்து தீர்ப்பு வரும்வரை 10,000. ஆக 45,000 ரூபாய்.

இங்கே பெரும்பாலோர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பாகப்பிரிவினை வழக்கோ இங்கே முடிவதில்லை. முதலில் வருவது முதனிலைத் தீர்ப்பாணை. இன்னாருக்கு இத்தனை பங்கு என்று அது அறிவிக்கும். எந்தப் பக்கத்து மண் யாருக்கு என்று பிரித்துத் தருவது இறுதித் தீர்ப்பாணை. அதற்கான நடவடிக்கை இன்னொரு கட்டமாகத் தொடரும். நீதிமன்றம் வழக்கறிஞர் ஒருவரை ஆணையராக நியமிக்கும். அவர் நில அளவரோடு வந்து அளந்து அறிக்கை தருவார். அதற்கு வழக்கறிஞருக்கு மேலும் 20,000, ஆணையருக்கும் அளவருக்கும் 12,000 என்று வைத்தோம். இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுத வேண்டும். குடும்பத்தாரிடையே பாகப்பிரிவினைக்கான தீர்வை பங்கு மதிப்பில் 1 சதவீதம் என்பதால் 7,000 ரூபாய். இது நீதிமன்றக் கட்டண வில்லையிலிருந்து வேறானது. இரண்டையும் ‘ஸ்டாம்பு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கு வாய்தா ஒன்றுக்கு 200 ரூபாய் வீதம் 40 வாய்தாவுக்கு 8,000 ரூபாய்.

மனை விலை ஏறிய இடங்களில் ஒரு பேச்சு காதில் விழும்: “பணமே தர வேண்டாம், ஜெயித்தால் நிலத்தில் ஒரு பாகம் எழுதிக்கொடுத்தால் போதும்.” வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் சொத்தில் பங்கு பெறுவதும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில் தடுக்கப்பட்டவை. அப்படிப் பேசுபவர் வழக்கறிஞராயினும் தரகராயினும் அவரை விட்டு விலகுவதே நலம்.

யாரும் எழுதாத செலவு

இதுவரை சேர்ந்தது 1,24,000 ரூபாய். அடுத்து, ரசீது இல்லாத செலவுக்கு வந்தோம்.

ஆண்டுக்கு 8 வாய்தா வீதம் ஐந்தாண்டுகளில் 40 வாய்தா. சகோதரி தனியே செல்வதில்லை. மகனை உடன் அழைத்துச் செல்வார். ஊரிலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் சென்று திரும்ப, இருவருக்கும் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் சேர்த்து 250 ரூபாய், சாப்பாடும் தேநீரும் 150 ரூபாய். ஆக 400 ரூபாய். இதைத்தான் எல்லாரும் எண்ணுகிறார்கள்.

மகன் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் வராவிட்டால் 700 ரூபாய் கூலி இல்லை. அதோடு, மாதம் முழுதும் விடுப்பின்றி வருபவருக்கு மட்டும் கிடைக்கும் வருகை ஊக்கத்தொகை 1,000 ரூபாயும் அந்த ஒரு நாளால் போய்விடும். ஆகவே 400 ரூபாய் என்று நினைத்த ஒரு வாய்தாவின் விலை உண்மையில் 2,100 ரூபாய். நாற்பது வாய்தாவுக்கு 84,000 ரூபாய். நீதிமன்றக் கட்டணத்தைப் போல் நான்கு மடங்கு!

தாளில் அந்த எண் வந்ததும் சகோதரி வெகுநேரம் பேசவில்லை. பின்பு, “நாங்கள் போய் உட்கார்ந்திருந்தால்தான் ஜட்ஜ் ஐயா நம்புவார் என்றார்களே” என்றார்.

அது அப்படியன்று. உரிமையியல் வழக்கில் வக்காலத்துக் கொடுத்தபின், பெரும்பாலான வாய்தாக்களில் வழக்கறிஞர் ஆஜரானால் போதும். தரப்பினர் நேரில் இருக்க வேண்டியவை சாட்சியம் அளிக்கும் நாள், குறுக்கு விசாரணை நாட்கள், சமரசப் பேச்சு நாட்கள், நீதிமன்றம் நேரில் வரச்சொன்ன நாட்கள் ஆகியவையே. ஆணையர் நிலத்தை அளக்க வரும் நாளிலும் அங்கே இருப்பது நல்லது. இவற்றை எண்ணினால் 12 நாட்களுக்கு மேல் வரவில்லை. அப்போது பயணக் கணக்கு 25,200 ரூபாயாகக் குறைகிறது. அடுத்த வாய்தா எந்நாள், எதற்காக என்பதை services.ecourts.gov.in என்ற தளத்தில், வழக்குக்குரிய சி.என்.ஆர். எண்ணை இட்டு வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். முந்தின நாள் மாலை வழக்கறிஞரின் அலுவலகத்தில் “நாளை நாங்கள் வர வேண்டுமா?” என்று கேட்கும் ஒரு தொலைபேசி அழைப்பு 2,100 ரூபாயை மிச்சப்படுத்தும்.

கூட்டிப் பார்த்தால்

எல்லா வாய்தாவுக்கும் சென்றால் 2,08,000 ரூபாய். தேவைக்கு மட்டும் சென்றால் 1,49,200 ரூபாய். மக்கள் அஞ்சும் நீதிமன்றக் கட்டணம் முதல் தொகையில் பத்தில் ஒரு பங்குதான். வென்றால் செலவுத்தொகை எதிர்த்தரப்பிடமிருந்து வந்துவிடும் என்று நம்பவும் இயலாது. பாகப்பிரிவினையில் அவரவர் செலவை அவரவரே ஏற்குமாறு தீர்ப்பாவது வழக்கமானது. தோற்றவர் மேல்முறையீடு செய்தால், அவர் மீண்டும் கட்டணம் செலுத்துவார். இவர் மீண்டும் வழக்கறிஞருக்குச் செலுத்துவார்.

பிறகு அதே தாளின் மறுபக்கத்தில் அண்ணனின் கணக்கையும் எழுதினோம். அவருக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஆனால் வழக்கறிஞருக்கு 65,000, குமாஸ்தாவுக்கு 8,000, அவருக்கும் நாட்கூலிதான் என்பதால் பயணத்துக்கு 84,000. ஆக 1,57,000 ரூபாய். இருபக்கமும் சேர்த்தால் 3,65,000. தங்கையின் 7 இலட்சத்தில் பாதிக்கும் மேலான தொகை, தந்தை பாடுபட்டுச் சேர்த்ததிலிருந்து வெளியே போகிறது.

இந்தக் கணக்கைத் தவறாகப் படிக்க வேண்டாம். ‘இவ்வளவு செலவா, விட்டுவிடு தாயே’ என்று பெண்களிடம் சொல்வதற்கு இது ஆயுதமாகக் கூடாது. செலவுக்கு அஞ்சி ஒருத்தி மௌனமாவது மனமுவந்த விட்டுக்கொடுத்தல் ஆகாது. அந்த 7 இலட்சம் அண்ணனுக்கு ஹலாலும் ஆகாது.

பெண்களுக்குச் சட்டம் திறந்துவைத்த ஒரு வாசலை நம் மஹல்லாக்களில் பலர் அறியார். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வழக்கறிஞர் கட்டணம் மட்டுமன்றி நீதிமன்றக் கட்டணம், பேட்டா முதலியவையும் அதில் அடங்கும். வட்டச் சட்டப்பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அவ்வழியே சென்றால் சகோதரிக்கு எஞ்சுவது ஆவணங்களுக்கு 6,000, தேவையான பயணங்களுக்கு 25,200, முத்திரைத்தாளுக்கு 7,000. ஆக 38,200 ரூபாய். காலம் மட்டும் குறையாது.

காலத்தைக் குறைப்பது எது?

இணக்கம் மட்டுமே. அதற்கும் சட்டம் ஊக்கம் தருகிறது. வழக்கு நடக்கும்போது சமரசமானால், நம் மாநிலச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி நீதிமன்றக் கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் நீதிமன்றத்துக்கு வெளியே தாமாகப் பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் எம்.சி.சுப்பிரமணியம் என்பவருக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பளித்தது. லோக் அதாலத்தில் முடிந்தாலும் கட்டணம் திரும்பும். அங்கே எழுதப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. அதன்மீது மேல்முறையீடு கிடையாது. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே அங்கே மனுக் கொடுக்கவும் வழி உண்டு.

சகோதரி அவ்வழியைத்தான் முதலில் தேர்ந்தார். அறிவிப்புக் கிடைத்த அண்ணன் கோபத்தோடு என்னிடம் வந்தார். நான் மார்க்க உபதேசம் எதுவும் செய்யாமல் தாளின் மறுபக்கத்தை அவரிடம் கொடுத்தேன். எண்களைப் பார்த்துவிட்டு, “வாய்தாவுக்கு 2,100 என்பது அதிகம் ஹஜ்ரத்” என்றார். அவரையே கூட்டச் சொன்னேன். கூட்டிப் பார்த்தார், மறுக்கவில்லை.

அதற்குப் பின்தான் அபூதாவூதில் பதிவான ஒரு செய்தியைச் சொன்னேன். சாட்சி எதுவுமில்லாத வாரிசுச் சொத்துக்காக இருவர் நபி (ஸல்) அவர்களிடம் வழக்குக் கொண்டுவந்தார்கள். வாதத்திறமை மிக்கவருக்குச் சாதகமாகத் தாம் தீர்ப்பளித்தாலும், சகோதரனின் உரிமையிலிருந்து அவர் எடுத்துக்கொள்வது நெருப்புத் துண்டே என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுது, என் உரிமையை இவருக்கே தந்துவிட்டேன் என்றார்கள். நபியவர்களோ, அப்படியே போய்விடுங்கள் என்று சொல்லவில்லை. நியாயத்தை நாடிப் பங்கிட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டு, அதன்பின் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். முதலில் பங்கீடு, பிறகே மன்னிப்பு என்ற அந்த வரிசையை நான் அவருக்கு எடுத்துக்காட்டினேன்.

அண்ணன் உடனே இளகிவிடவில்லை. மூன்று அமர்வுகள் நடந்தன. முடிவில் வீட்டைப் பிரிக்காமல் அவரே வைத்துக்கொள்வது, தங்கைக்கு 7 இலட்சத்தை 18 மாதங்களில் மூன்று தவணையாகத் தருவது, தவறினால் தீர்வை நிறைவேற்றக்கோரி நீதிமன்றம் செல்வது என்று எழுதப்பட்டது. தாயின் பங்கும் இளைய மகனின் பங்கும் அதே தாளில் குறிக்கப்பட்டன. அடுத்த தலைமுறை அதே கேள்வியோடு வரக்கூடாதல்லவா? சகோதரிக்கு ஆன செலவு ஆவணங்களும் நான்கு பயணங்களும் சேர்த்து 15,000 ரூபாய்க்குள். இரண்டு தவணைகள் வந்துவிட்டன. மூன்றாவதற்காகக் காத்திருக்கிறார்.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி முடியாது. மறுப்பவர் மறுத்துக்கொண்டேயிருந்தால் வழக்குத்தான் வழி. உரிமைக்காக வழக்காடுவது மார்க்கத்தில் குற்றமன்று. அப்போதும் தாக்கலுக்கு முன், ஒரு தாளின் இருபக்கமும் இந்தக் கணக்கை எழுதிப் பாருங்கள். கூலியிழப்பை விடாமல் எழுதுங்கள். இறுதித் தீர்ப்பாணை வரை எழுதுங்கள்.

பிறர் உரிமையில் ஒரு சாண் மண்ணும் நம்மிடம் தங்கிவிடாமல் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.